குடுமியோடு அளந்த உயரம்

பூஞ்சேரி கூட்ரோட்டில் டாக்டர் ஜெனிட்டா குழந்தைகள் கிளினிக் தொடங்கியபோது ஒரு வழக்கத்தையும் சேர்த்தே தொடங்கினாள். பிறந்தநாள் வந்தால் குழந்தையைக் கூட்டி வர வேண்டும். ஜுரம், இருமல் எதுவும் இல்லாவிட்டாலும் வர வேண்டும். உயரமும் எடையும் பார்த்து அட்டையில் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பாள். அதற்குக் காசு கிடையாது.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. பெற்றோரிடம் நின்று விளக்கம் சொல்வதைவிட அட்டையில் புள்ளி வைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் வழக்கம் பிடித்துக்கொண்டது. மாமல்லபுரத்திலிருந்தும், கல்பாக்கம் குடியிருப்பிலிருந்தும் பட்டுப்பாவாடையும் புதுச்சட்டையும் போட்ட குழந்தைகள் கையில் சாக்லேட் டப்பாவோடு வந்து இறங்கின. கிளினிக்கில் அளப்பது செங்கம்மாளின் வேலை. ஐம்பதைத் தாண்டியவள். இங்கே வருவதற்கு முன் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். குழந்தைகளை அழவிடாமல் பலகையில் நிறுத்துவதில் கெட்டிக்காரி.

ஸ்வாதிக்கு ஏழு வயது முடிந்த அன்று சாயங்காலம் அவளுடைய அம்மா பிரிசில்லா கூட்டி வந்தாள். பிரிசில்லா ஈ.சி.ஆர். சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைத் துப்புரவு செய்யும் பிரிவில் இருக்கிறாள். வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். குழந்தை ரோஜா நிறத்தில் கவுன் போட்டிருந்தது. தலை மொட்டையாக, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"திருப்போரூர்ல அடிச்சோம், டாக்டர்" என்றாள் பிரிசில்லா. "அவங்க அப்பா வூட்டு வேண்டுதல். பர்த்டேக்கு முன்னாடி வாணாம்னு சொன்னேன். என் பேச்ச எவன் கேட்டான்."

செங்கம்மாள் அளந்துவிட்டு எண்ணைச் சொன்னாள். ஜெனிட்டா அட்டையைப் பிரித்தாள். புள்ளி வைத்தாள். பேனாவை மூடவில்லை.

"சரியா நின்னாளா, செங்கம்மாக்கா?"

"சுவத்துல ஒட்டிக்கினுதான் நின்னுச்சு. குதிகால், முதுகு, தல எல்லாம் பாத்துட்டேன். மொட்டத் தலம்மா, தல மேல வெக்கிற பலகை வழுக்கிக்கினு போவுது."

ஜெனிட்டா எழுந்து போய்த் தானே அளந்தாள். நேராகப் பார்க்கச் சொன்னாள். குழந்தை நேராகப் பார்த்தது. நகரு என்று சொல்லும் வரை நகரவில்லை. எண் மாறவில்லை.

அந்த அட்டையில் கீழிருந்து மேலாக ஏழு வளைகோடுகள் உண்டு. மூன்று, பத்து, இருபத்தைந்து, ஐம்பது என்று தொடங்கித் தொண்ணூற்றேழு வரை போகும். ஒரே வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை உயரத்தின்படி வரிசையில் நிறுத்தினால், ஐம்பதாம் கோட்டில் இருப்பவள் வரிசையின் நடுவில் நிற்பாள். பத்தாம் கோட்டில் இருப்பவளைவிடக் குட்டையாகப் பத்துப் பேர்தான் இருப்பார்கள். பத்தாம் கோட்டில் நிற்பது நோய் இல்லை. யாராவது அங்கே நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் குழந்தை எந்தக் கோட்டில் வளர்கிறதோ அதை ஒட்டியே போக வேண்டும். முதல் இரண்டு வருஷத்தில் கோடு மாறலாம். பிறந்தபோது இருந்த அளவிலிருந்து அப்பா அம்மாவின் அளவை நோக்கிக் குழந்தை நகரும் காலம் அது. அதற்குப் பிறகு பருவம் எட்டும் வரை பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இரண்டு கோடுகளைத் தாண்டி இறங்கினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஸ்வாதியின் ஐந்து வயதுப் புள்ளி ஐம்பதாம் கோட்டின் மேல் இருந்தது. ஆறு வயதுப் புள்ளி இருபத்தைந்தில். இன்றைய புள்ளி பத்துக்குக் கொஞ்சம் கீழே.

"இன்னா டாக்டர், பேசாம பாத்துகினே கீறீங்க?"

"போன பிறந்தநாளுக்கு அப்புறம் ஒரு சென்டிமீட்டர்தான் வளந்திருக்கா. அஞ்சு, ஆறு வளந்திருக்கணும்."

"ஒண்ணா?" பிரிசில்லா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "சட்டையெல்லாம் பத்தாம பூட்டுது. வாங்கிகினேதான் இருக்கேன்." சட்டென்று முகம் தெளிந்தது. "குடுமி, டாக்டர்."

"என்ன குடுமி?"

பிரிசில்லா போனை எடுத்துத் தேடினாள். போன வருஷப் பிறந்தநாள் படம். ஸ்வாதியின் உச்சியில் இறுக்கிக் கட்டிய குடுமி, அதைச் சுற்றிக் கனகாம்பரம், அதன்மேல் ஒரு ஜிகினாப் பட்டாம்பூச்சி. பின்னணியில் இதே கிளினிக்கின் சுவர்.

ஜெனிட்டா செங்கம்மாளைப் பார்த்தாள்.

"என்ன ஏன் பாக்குறீங்க?" என்றாள் செங்கம்மாள். "பர்த்டே பொண்ணு. அத்தப் போயி அவுத்தா இவ என்ன வுடுவாளா?"

"எப்பிடி வுடுவேன்? அத்த கட்ட அர மணி நேரம் ஆச்சு."

"பாத்தீங்களா? நான் பலகைய அமுத்தித்தான் வச்சேன். அமுங்குற மட்டும் அமுங்கிச்சு."

வெளியே காத்திருந்தவர்களில் குடுமி போட்ட ஒரு பெண் குழந்தை இருந்தது. ஜெனிட்டா அதை உள்ளே அழைத்து, குடுமியோடு ஒரு தடவையும் அவிழ்த்து ஒரு தடவையும் அளந்தாள். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அந்தக் குழந்தையின் அம்மா, தடுப்பூசி போட வந்த இடத்தில் தலையைக் கலைப்பது எந்த ஊர் வைத்தியம் என்று செங்கம்மாளிடம் கேட்டுக்கொண்டே திரும்பக் கட்டினாள்.

ஜெனிட்டா பென்சிலை எடுத்து ஆறு வயதுப் புள்ளிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இன்னொரு புள்ளி வைத்தாள். அது இருபத்தைந்துக்கும் பத்துக்கும் நடுவில் விழுந்தது. இன்றைய புள்ளி அதிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒரு கோடுதான் தாண்டியிருந்தது.

"அவங்க அப்பா எவ்வளவு உயரம்?"

"அவரா?" பிரிசில்லா சிரித்தாள். "குள்ள கிருபான்னு கேட்டா இங்கேர்ந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் வூட்ட காட்டுவாங்க."

ஜெனிட்டா 'அப்பா குட்டை' என்று எழுதினாள். குடுமி ஒரு காரணம், அப்பா இன்னொரு காரணம். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் போதும். வெளியே இன்னும் பலர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. ஆறு மாசம் கழிச்சு கூட்டிட்டு வாங்க" என்றாள்.

பிரிசில்லாவின் தோள் இறங்கியது. ஸ்வாதி சாக்லேட் டப்பாவை நீட்டியது. ஜெனிட்டா ஒன்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் கோபாலகிருஷ்ணன் வந்தார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவு. மகன் ரோஹித்துக்கு ஆறு வயது. அப்பாவின் கையைப் பிடித்துத் தொங்கியபடியே உள்ளே வந்தான். நாற்காலியில் ஏறினான், இறங்கினான், எடை மெஷின் மேல் குதித்தான்.

"இவன் போன வருஷமும் பத்துக்குக் கீழ, மேடம். இந்த வருஷமும் பத்துக்குக் கீழ" என்றார் கோபாலகிருஷ்ணன். "எங்க குடும்பத்துல யாரும் எதிலயும் பத்துக்குக் கீழ வாங்கினது கிடையாது."

"இது மார்க் இல்ல, சார்."

"தெரியும். தெரிஞ்சாலும் மனசு கேக்கல. தினம் முட்டை, பாதாம் எல்லாம் குடுக்குறோம்."

ஜெனிட்டா அவரைப் பலகையில் நிற்கச் சொன்னாள். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு செருப்பைக் கழற்றி நின்றார். நூற்று அறுபது. மனைவி நூற்று ஐம்பது என்றார். மகனானால் இரண்டையும் கூட்டி, பதிமூன்று சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். மகளானால் பதிமூன்றைக் கழிக்க வேண்டும். அவள் கணக்குப் போட்டு அட்டையின் வலது ஓரத்தில், வளர்ந்து முடியும் வயதுக்கு நேராக ஒரு குறி போட்டாள். குறி பத்தாம் கோட்டுக்குக் கீழேதான் விழுந்தது.

"உங்க பையன் உங்க வீட்டுக்குப் போற வழியிலதான் போறான். போன வருஷம் இந்த இடம், இந்த வருஷமும் அதே இடம். ஒரு வருஷத்துல ஆறு சென்டிமீட்டர் வளந்திருக்கான். கீழ இருக்கான், ஆனா இறங்கல."

கோபாலகிருஷ்ணன் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"வீட்லயும் ஆறுன்னுதான் வந்துச்சு. ஆனா எங்க டேப் கொஞ்சம் மோசம். நுனி பிஞ்சு போச்சு. ஒன்றரை சென்டிமீட்டர் கூடவே காட்டும்."

"அப்போ எப்படி சரியா வந்துச்சு?"

"போன வருஷமும் அதே டேப்தானே, மேடம். கழிக்கிறப்ப தப்பும் சேந்து கழிஞ்சு போயிடும்." அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரோஹித்தை எடை மெஷினிலிருந்து இறக்கினார். "ஒரே மாதிரி தப்பு பண்ற கருவிய வச்சு நாங்க எவ்வளவோ வேலை பாக்குறோம்."

அவர் போன பிறகு ஜெனிட்டா அடுத்தவரைக் கூப்பிடவில்லை. அலமாரியிலிருந்து ஸ்வாதியின் அட்டைப் பிரதியை எடுத்தாள்.

"செங்கம்மாக்கா, அந்தக் குழந்தை அஞ்சு வயசுக்கு வந்தப்போ தலை எப்படி இருந்துச்சு?"

"எது? நேத்து வந்த மொட்டையா? அப்பவும் குடுமிதான். பர்த்டேன்னா குடுமி இல்லாம எது வருது?"

நேற்று அவள் ஆறு வயதுப் புள்ளியை மட்டும் கீழே இறக்கியிருந்தாள். ஐந்து வயதுப் புள்ளியைத் தொடவே இல்லை. குடுமி இருந்தது என்றால் இரண்டு முறையும் இருந்தது. இறக்குவதானால் இரண்டையும் இறக்க வேண்டும். அப்படி இறக்கினாலும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மாறாது. ஒரு வருஷத்தில் மூன்று சென்டிமீட்டர்தான். ஆறிலிருந்து ஏழுக்கு, குடுமியைக் கழித்த பிறகு, அதே மூன்று. நான்குக்குக் கீழே போனாலே இந்த வயதில் விசாரிக்க வேண்டும். குடுமி ஒரு வருஷத்து வளர்ச்சியை மட்டும் குறைத்துக் காட்டியது. இரண்டு வருஷத்து மந்தத்துக்கு அது பதில் சொல்லவில்லை.

புதிய புள்ளிகளை வைத்தாள். முதலாவது ஐம்பதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில். இரண்டாவது இருபத்தைந்துக்குக் கீழே. மூன்றாவது பத்துக்குக் கீழே. இரண்டு கோடுகள்.

பிறகு நேற்று பார்க்காமலே விட்ட எடைக் கட்டத்தைப் பார்த்தாள். எடை மூன்று வருஷமும் ஐம்பதாம் கோட்டைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. சாப்பாடு போதாத குழந்தைக்கு முதலில் எடை இறங்கும். உயரம் பிறகுதான் இறங்கும். நாள்பட்ட வயிற்றுக் கோளாறிலும் பெரும்பாலும் அப்படித்தான். எடை கோட்டிலேயே போக, உயரம் மட்டும் இறங்கினால் குறை தட்டில் இல்லை. சுரப்பிகளைப் பார்க்க வேண்டும். சட்டை பத்தவில்லை என்று பிரிசில்லா சொன்னது நினைவுக்கு வந்தது. அகலத்தில் பத்தவில்லை.

அவளுக்குப் போன் பேசுவது பிடிக்காது. ஒண்ணும் இல்லை என்று தானே சொன்னதைத் திருப்பி எடுக்க ஒருவருக்குப் போன் செய்வது அதைவிடக் கடினமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து வரத்தானே சொல்லியிருக்கிறோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆறு மாதம் என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் இழப்பு. எண்ணை அழுத்தினாள்.

பின்னணியில் வாக்குவம் க்ளீனர் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க டாக்டர். எதனா வுட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்ல. ஸ்வாதிய மறுபடி கூட்டிட்டு வரணும். நேத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அது தப்பு."

க்ளீனர் நின்றது.

"இன்னா தப்பு?"

"குடுமிய ஒரு வருஷத்துக்குத்தான் கழிச்சேன். அதுக்கு முந்துன வருஷமும் குடுமி இருந்துச்சு. ரெண்டு வருஷமாவே அவ வளர வேண்டிய அளவு வளரல."

"எனக்கு இது இன்னா புரியும்? நேத்து ஒண்ணுமில்லன்னீங்க. நான் வூட்டுக்கு போயி எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அவரையும் அளக்கணும்."

"அவரயா?" என்றாள் பிரிசில்லா. பிறகு குரல் தாழ்ந்தது. "பெரிய சீக்கா, டாக்டர்?"

"தெரியல. பாக்காம சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பிரிசில்லாவின் கணவன் கிருபாகரன் வாரம் முழுக்க விடியலில் சிங்கப்பெருமாள் கோயில் வரை போய்க் கம்பெனி பஸ் பிடிக்கிறவன். இருந்த ஒரு விடுமுறையும் போன எரிச்சல் முகத்தில் இருந்தது.

"இன்னா மேடம், ஒரு நாள் ஒண்ணு சொல்றீங்க, மறுநாள் ஒண்ணு சொல்றீங்க. வூட்ல பேஜாரா கீது. மொட்ட அடிச்சதுனாலதான் பொண்ணு வளரலன்னு இவ ஆத்தா வூட்ல பேசிகினு கீறாங்க. எங்கம்மா ரெண்டு நாளா சாப்பிடல."

"மொட்டைக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் இல்ல. அதை நானே அவங்ககிட்ட சொல்றேன்னு சொல்லுங்க. நீங்க செருப்பைக் கழட்டிட்டு அங்க நில்லுங்க."

"நானா?"

"ஏறு நைனா" என்றாள் செங்கம்மாள். "ஊசி போட மாட்டோம்."

அவன் நின்றான். செங்கம்மாள் பலகையை இறக்கி எண்ணைச் சொன்னாள். நூற்று அறுபத்தெட்டு. ஜெனிட்டா தலையை நிமிர்த்தினாள்.

"நீங்க குட்டை இல்லயே."

"எங்க வூட்ல நான்தான் குட்ட. அண்ணன் ரெண்டு பேரும் ஆறடிக்கு மேல. கபடி ஆடுனவனுங்க. சின்னதுலேர்ந்து குள்ளா குள்ளான்னு கூப்ட்டு அதுவே பேராப் பூட்ச்சி." அவன் மனைவியைப் பார்த்தான். "நீ இங்கயும் வந்து அதத்தான் சொல்லிகினு இருந்தியா?"

பிரிசில்லா பலகையில் ஏறி நின்றாள். நூற்று ஐம்பத்தேழு. ஜெனிட்டா இரண்டையும் கூட்டினாள், பதிமூன்றைக் கழித்தாள், பாதியாக்கினாள். அட்டையின் வலது ஓரத்தில் குறி ஐம்பதாம் கோட்டை ஒட்டி விழுந்தது. அன்று எழுதியிருந்த 'அப்பா குட்டை' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். இனி மிச்சம் எந்தச் சாக்கும் இல்லை.

ஸ்வாதியைத் தன் முன்னால் உட்கார வைத்தாள். கை முட்டியில் தோல் சொரசொரப்பாக இருந்தது. விரல்கள் சில்லென்றிருந்தன. வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஸ்கூல்ல யாரோட விளையாடுவ?"

குழந்தை யோசித்தது. பதில் வர நேரமானது. "விளையாட மாட்டேன். உக்காந்துப்பேன்."

"ஓட மாட்டியா?"

"கால் வலிக்கும்."

"அவ சமத்து, டாக்டர்" என்றாள் பிரிசில்லா. "அவ தம்பி மாரி கெடயாது. வெச்ச எடத்துல இருப்பா. எட்டு மணிக்கெல்லாம் தூங்கிடுவா. காத்தாடி போட்டா குளுருதும்பா, போர்வ குடுத்துடுவேன்."

"வெளிய சரியா போறாளா?"

"வாரத்துக்கு ரெண்டு தபாதான். வாழப்பழம் குடுத்துகினுதான் கீறேன்."

"இதெல்லாம் எப்பலேர்ந்து?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யு.கே.ஜி. படிக்கும்போது ஓடியாடித்தான் இருந்தாள் என்றான் கிருபாகரன். பெரிய வகுப்புக்குப் போனதும் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தோம் என்றான்.

ஜெனிட்டா குழந்தையின் பின்னால் போய் நின்று கழுத்தில் விரல்களை வைத்தாள். எச்சில் விழுங்கச் சொன்னாள். விரல்களுக்கு அடியில் மெத்தென்று ஒரு வீக்கம் ஏறி இறங்கியது. பெரியது இல்லை. கண்ணுக்குத் தெரியாது. கை வைத்தால் தெரியும். அன்றைக்கு அவள் கை வைக்கவில்லை.

"தைராய்டு டெஸ்ட் எடுக்கணும். ரத்தம் கொஞ்சம்தான். அப்புறம் செங்கல்பட்டுல இடது கை மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே."

"கைக்கு எதுக்கு?" என்றான் கிருபாகரன்.

"எலும்புக்கு எத்தனை வயசு ஆகுதுன்னு பாக்குறதுக்கு."

"ஏழுதான மேடம். சர்டிபிகேட்டு கீது."

"சில சமயம் எலும்பு பின்தங்கி இருக்கும்."

அவன் எழுந்தான். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறானே என்று வாசலில் நின்ற ஒருத்தி சொன்னாள். பாரமா இல்ல என்றான் அவன்.

தைராய்டு சுணங்கினால் ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச்., ஐந்து, ஆறுக்குள் இருக்க வேண்டியது நூறைத் தாண்டியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பின் வயது ஐந்து. ஜெனிட்டா இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டாள்.

"கழுத்துல இருக்குற தைராய்டு சுரப்பி வேலை செய்யல. அதோட வேலைல ஒண்ணு குழந்தைய வளர வைக்கிறது. உடம்பு தன் சுரப்பியைத் தானே கெடுத்துக்கற வியாதின்னு நினைக்கிறேன். அதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதியிருக்கேன். உங்க தப்பு எதுவும் இல்ல. சாப்பாட்டுல குறை இல்ல."

"மருந்து?" என்றாள் பிரிசில்லா.

"தினம் காலையில ஒரு மாத்திரை. வெறும் வயித்துல, தண்ணியில. பால் கூடாது. அதுக்கப்புறம் அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு டிபன். ரெண்டு மாசத்துல மறுபடி ரத்தம் பாத்து அளவ மாத்துவோம். அனேகமா ரொம்ப வருஷத்துக்குச் சாப்பிட வேண்டியிருக்கும்."

"நீங்க போன் பண்ணலன்னா?" என்றான் கிருபாகரன்.

ஜெனிட்டா இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். "அப்படியே விட்டிருந்தா குட்டையா நின்னுருப்பா. படிப்பும் போகப் போக மந்தமாயிருக்கும். ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா முதல் நாளே கண்டுபிடிச்சிருக்கணும்."

அவன் தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"வுட்டது திரும்பி வருமா?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"எலும்பு ரெண்டு வருஷம் பின்னாடி இருக்குல்ல. அவளுக்கு வளர இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் வரும். முழுசும் வருமான்னு என்னால சொல்ல முடியாது."

பிரிசில்லா அட்டையை வாங்கினாள். பென்சில் புள்ளி, பேனாப் புள்ளி எல்லாவற்றையும் பார்த்தாள். விரலை முதல் புள்ளியில் வைத்துக் கடைசிப் புள்ளி வரை இழுத்துக்கொண்டு போனாள். "இப்பிடிப் போவுதே" என்று மட்டும் சொன்னாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு ஜெனிட்டா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, உயரம் அளக்கும் பலகைக்கு மேலே ஒட்டினாள். பூ, கிளிப், குடுமி எல்லாவற்றையும் எடுத்த பிறகே அளக்கப்படும்.

"சண்டைக்கு வருவாளுங்க" என்றாள் செங்கம்மாள்.

"என்கிட்ட அனுப்புங்க."

"நீங்க இன்னா பேசப் போறீங்க? நானே பேசிக்கறேன்."

இரண்டு மாதத்தில் ரத்தம் பார்த்தாள். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் ஏற்றினாள். அப்போது உயரம் பார்க்கச் சொல்லி கிருபாகரன் கேட்டான். அவள் மறுத்துவிட்டாள். இவ்வளவு குறைந்த இடைவெளியில் அளந்தால் அளப்பதில் வரும் பிழையே வளர்ச்சி மாதிரி தெரியும் என்றாள். அவன் முகம் வாடியது. ஆனால் மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை என்று பிரிசில்லா சொன்னாள். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அவனே எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறானாம்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது மழைக்காலம். கிளினிக் வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஸ்வாதி அதில் இறங்கி நடந்து, பாவாடை முழங்கால் வரை நனைந்து உள்ளே வந்தாள். பின்னால் பிரிசில்லா திட்டிக்கொண்டே வந்தாள்.

"இன்னா மாத்திர குடுத்தீங்க டாக்டர்? அடங்க மாட்டேன்றா. ஸ்கூல்ல மிஸ்ஸு டைரில எழுதி அனுப்புறாங்க, பெஞ்சு மேல ஏறி குதிக்கிறான்னு. தம்பிய அடிக்கிறா. ராத்திரி பத்தானாலும் தூங்குறது கெடயாது."

"வெளிய?"

"அதெல்லாம் தினம் போறா. அத்த கேக்காதீங்க, இத்த கேளுங்க. மாத்திரைய கொஞ்சம் கம்மி பண்ணலாமா?"

"ரத்தத்துல சரியான அளவுதான் இருக்கு. அவ இப்பதான் அவளா இருக்கா" என்றாள் ஜெனிட்டா. "கொஞ்ச நாள் ஆகும். பழகிக்கணும். நீங்களும்தான்."

செங்கம்மாள் பலகையருகே நிறுத்தினாள். குட்டையாக வளர்ந்திருந்த முடியைக் கையால் அமுக்கிவிட்டுப் பலகையை இறக்கினாள். ஸ்வாதி சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படிக்கத் தலையைத் தூக்கியது. மறுபடி நிறுத்தினாள். குதிகால் எழும்பியது. மறுபடி நிறுத்தினாள்.

"நில்லு தாயி. ஒரு நிமிசம் நில்லு."

"அதுல கிளிப்புன்னு எழுதியிருக்கு. நான் கிளிப்பே போடலயே."

"நீ பேசாத. பேசுனா தாடை ஆடுது."

மூன்றாவது முறை ஜெனிட்டா எழுந்து வந்து குழந்தையின் தாடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் தோல் வெதுவெதுப்பாக இருந்தது. செங்கம்மாள் எண்ணைச் சொன்னாள். ஜெனிட்டா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதே எண். ஆறு மாதத்தில் ஐந்து சென்டிமீட்டர்.

புள்ளி பத்தாம் கோட்டுக்கு மேலே, இருபத்தைந்தை நோக்கி விழுந்தது. கோடு தாண்டி ஏறியிருந்தது. இப்படித் தாண்டுவதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அட்டையைப் பிரிசில்லாவிடம் நீட்டினாள்.

பிரிசில்லா அதைப் பார்த்தாள். கடைசிப் புள்ளியில் விரலை வைத்தாள். அதற்குள் எடை மெஷினிலிருந்து தொம்மென்று சத்தம் வந்தது. அவள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு மகளைப் பிடிக்கப் போனாள்.